வீட்டில் ஆள் இருக்கும் நேரம்

கல்மண்டபத்தில் சரக்கு கிளியரிங் கம்பெனி ஒன்றில் மாயாவுக்கு வேலை. எந்த லாரி எப்போது துறைமுகத்துக்குள் போக வேண்டும், கேட்டில் யார் நிற்பார்கள், கன்டெய்னர் பெட்டியைத் திறக்கும்போது சுங்க அதிகாரியோடு யார் இருப்பார்கள் என்று நாள் முழுக்கக் கேட்டுக் கேட்டு முடிவு செய்வதுதான் அவள் பிழைப்பு. அதனால் வீடு பார்க்கப் போகும்போதும் முதல் செய்தியை அவளே எழுதுவாள். கணவன் பகலவனை எழுத விடமாட்டாள். அவன் எழுதினால் "வீடு பார்க்கணும், எப்ப வரலாம்" என்று ஒற்றை வரியில் போட்டுவிடுவான். வீட்டுக்காரர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்பார். அந்தக் கேள்வி எங்கே போய் முடியும் என்பது மாயாவுக்குத் தெரியும்.

தண்டையார்பேட்டையில் ஒருவர் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லிவிட்டு, "யார் யார் வர்றீங்க? சொந்த ஊர் எது?" என்று கேட்டார். வியாசர்பாடி என்றாள். சனிக்கிழமை ராத்திரியே வேறு யாருக்கோ கொடுத்தாகிவிட்டது என்று செய்தி வந்தது. விளம்பரம் மட்டும் அடுத்த இரண்டு மாதமும் அப்படியே இருந்தது. திருவொற்றியூரில் இன்னொருவர் வாசல் வரைக்கும் வரவிட்டார். ஹாலைக் காட்டினார். சமையலறைப் பக்கம் மாயா காலை வைத்ததும், "அங்க வேண்டாம்மா, சமையல் நடக்குது" என்றார். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அவர்கள் இருந்த குடியிருப்புக் கட்டடத்தை இடித்துக் கட்டப் போவதாக அறிவிப்பு ஒட்டிவிட்டார்கள். மேல்தளத்தில் கூரைக் காரை பெயர்ந்து, எதிர்வீட்டுக்காரரின் தோளில் விழுந்திருந்தது. மகள் மதி பத்தாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். வங்கியில் கடன் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். வீடுதான் கிடைக்கவில்லை.

காலடிப்பேட்டை வீட்டின் விளம்பரம் வந்த அன்று, மதியச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு மாயா இப்படி எழுதினாள்:

"வணக்கம் சார். உங்கள் வீட்டைப் பார்க்க விரும்புகிறோம். சனிக்கிழமை மாலை நாலுக்கு மேல், ஞாயிறு காலை, அல்லது செவ்வாய் மாலை ஆறு மணி. இதில் எது உங்களுக்கு வசதி? நானும் கணவரும் வருவோம். உங்கள் பக்கம் யார் இருப்பீர்கள்? வீட்டில் யாராவது குடியிருந்தால் அவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாம்."

கை கழுவிவிட்டு வருவதற்குள் பதில் வந்திருந்தது. "ஞாயிறு காலை ஒன்பதரை. நான் மட்டும் இருப்பேன். வீட்டில் அப்போது யாரும் இருக்கமாட்டார்கள். டென்னிஸ்."

சொந்த ஊர் கேட்கவில்லை. அதைத்தான் மாயா திரும்பத் திரும்பப் படித்தாள்.

டென்னிஸுக்கு ஐம்பது வயது இருக்கும். அப்பா காலத்தில் தெற்கே நாசரேத் பக்கமிருந்து வந்த குடும்பம். மண்ணடியில் மொத்த இரும்புச் சாமான் கடை. வெள்ளைச் சட்டையில் கேட்டருகே நின்று கைகூப்பி வரவேற்றார். கீழே ஹாலும் இரண்டு அறைகளும். பின்னால் கிணறு, உப்புத் தண்ணீர்தான், ஆனால் கழுவக் கொள்ள ஆகும். மாடியில் ஒரு அறையும் சமையலறையும் தனியாகக் கட்டியிருந்தது. கடற்கரைச் சாலையில் கன்டெய்னர் லாரிகள் போகும் அதிர்வு சுவரில் தெரிந்தது, ஆனால் தெருவுக்குள் தூசி அவ்வளவாக வரவில்லை. மாயாவுக்கு வீடு பிடித்துவிட்டது. மதிக்கு எந்த அறை என்றுகூட மனசுக்குள் முடிவு செய்துவிட்டாள்.

"தம்பி பேரு?" என்று டென்னிஸ் கேட்டார்.

"பகலவன்."

"அழகான பேரு. யாரு வெச்சது?"

"எங்கப்பா. நாங்க பௌத்தம் சார். வியாசர்பாடில மன்றம் ஒண்ணு நடத்துறோம், பசங்களுக்கு சாயந்தரம் பாடம் சொல்லிக் குடுக்குறோம்." பகலவன் வேண்டுமென்றேதான் சொன்னான். ஒவ்வொரு வீட்டிலும் சொல்லிவிடுவான். முகம் மாறுவதை அங்கேயே பார்த்துவிட்டுப் போவது மேல் என்பான்.

டென்னிஸின் முகம் மாறத்தான் செய்தது. மலர்ந்தது. "ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்த மன்றத்துக்குத் தலைவர் யாரு?"

"வேலப்பன் ஐயா. வடசென்னை பூரா அவர தெரியும். கட்டட மேஸ்திரி. அடுத்த தபா அவரத்தான் கூட்டிக்கினு வந்து செவுத்தெல்லாம் தட்டிப் பாக்கலாம்னு கீறோம்."

"கண்டிப்பா கூட்டிட்டு வாங்க."

மாடி அறையைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்து காட்டினார். கொடியில் ஈரம் காயாத ஒரு நைட்டியும் துண்டும் கிடந்தன. அடுப்பின்மேல் மூடிவைத்த சட்டி தொட்டால் சுட்டது.

"யாரு சார் இருக்காங்க?" என்றாள் மாயா.

"சொந்தக்காரப் பொண்ணு ஒருத்தி. சர்ச்சுக்குப் போயிருக்கா. சீக்கிரம் காலி பண்ணிருவா."

கீழே வந்து காபி கொடுத்தார். அவர் குடித்த அதே மாதிரி எவர்சில்வர் டம்ளர். வண்டியில் திரும்பும்போது பகலவன், "அந்த மாடி விஷயம் ஒரு மாதிரி கீது" என்றான். மாயா அவன் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "இன்னா ஒரு மாதிரி? மரியாதையா காபி குடுத்தாரு" என்றாள்.

பத்திரங்களைப் பார்த்த வக்கீல் அம்மா குறை ஒன்றும் சொல்லவில்லை. அப்பா சம்பாதித்த இடம். அவர் உயிரோடிருக்கும்போதே மூத்த மகன் டென்னிஸுக்கு செட்டில்மென்ட் எழுதிப் பதிவு செய்து கொடுத்துவிட்டார். இளைய மகன் இறந்து மூன்று வருஷம். பிள்ளைகள் இல்லை. அவன் மனைவிதான் மாடியில் இருக்கிறாள்.

"அவளுக்குப் பங்கு கிடையாது. ஆனா ரொம்ப நாளா குடியிருக்கா. போகமாட்டேன்னு உக்காந்தா இவர் கோர்ட்டுக்குத்தான் போகணும், அது வருஷக்கணக்கா இழுக்கும்" என்றார் வக்கீல். "நீங்க அட்வான்ஸ் குடுக்கறதுக்கு முன்னாடி, அவ இருக்கற நேரமாப் பாத்துப் போங்க. நேர்ல பேசுங்க. ஆள் இல்லாதப்ப வீட்டக் காட்டறவர நம்பாதீங்க."

மாயா மறுபடி எழுதினாள். "சார், மேஸ்திரியோடு இன்னொரு முறை பார்க்க வேண்டும். மாடியில் இருப்பவரும் வீட்டில் இருக்கும்போது வந்தால் நல்லது. புதன் மாலை, வெள்ளி மாலை, சனி காலை. எது வசதி? யார் யார் இருப்பீர்கள்?"

இந்த முறை இரண்டு நாள் பதில் இல்லை. வீடு கை நழுவிவிட்டது என்று மாயா நினைத்தாள். மூன்றாம் நாள் வந்தது. "புதன் மாலை ஐந்து. அன்று அவளுக்கு மருந்துக்கடையில் விடுமுறை, வீட்டில் இருப்பாள். நான் இருப்பேன். தெருக்காரர் ஒருவரும் இருப்பார். உங்கள் கணவர் கட்டாயம் வர வேண்டும். வேலப்பன் ஐயாவும் கட்டாயம் வர வேண்டும்."

கேட்டதற்கு ஒளிக்காமல் பதில் சொல்லியிருந்தார். தெருக்காரர் எதற்கு என்று மாயா கேட்கவில்லை. பகலவன் தான் வேலை பார்க்கும் எண்ணூர் கன்டெய்னர் யார்டில் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தான்.

புதன்கிழமை வேலப்பன் கீழ்ச்சுவர்களை விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்த்தார். "நல்ல வூடு. அந்தக் காலத்து செங்கல்" என்றார். பிறகு எல்லாரும் மாடி ஏறினார்கள். டென்னிஸ் முன்னால் போனார். இந்த முறை சாவியை எடுக்காமல் கதவைத் தட்டினார்.

முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், கையெல்லாம் பளபளத்தது. டென்னிஸைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் நின்ற மூன்று பேரையும் பார்த்தாள்.

"மகிமா, இவங்கதான் வீட்ட வாங்கப் போறவங்க" என்றார் டென்னிஸ்.

"திரும்ப ஆரம்பிச்சிட்டியா மாமா?" அவள் குரல் உயரவில்லை. "போன தபா வந்தவங்களுக்கு நடந்தது பத்தலியா?" என்று சொல்லிவிட்டு கைப்பிடிச் சுவரோரம் போய்க் கீழே பார்த்துக் கூப்பிட்டாள். "மண்ணாங்கட்டி அண்ணே! மறுபடியும் ஆள கூட்டியாந்துட்டாரு, வந்து பாரு!"

மண்ணாங்கட்டி கூப்பிடும் தூரத்தில்தான் இருந்தான். கேட்டுக்கே வரச் சொல்லி டென்னிஸ் சொல்லி வைத்திருந்தார். அந்தத் தெருவில் தலித் கட்சி ஒன்றின் கிளைச் செயலாளர் அவன். மகிமாவின் கணவன், இறந்துபோன லூயிஸின் தோஸ்து. இதற்கு முன் வீடு பார்க்க வந்தவர்களை எல்லாம் வாசலிலேயே மறித்து, வீட்டுக்குள் ஒரு விதவை இருக்கிறாள், வாங்கினால் பிரச்சினையைத்தான் வாங்குவீர்கள் என்று சொல்லி அனுப்பியவன். படியில் ஏறும்போதே பேசிக்கொண்டு வந்தான்.

"இன்னா சார் இது? எத்தினி தபா சொல்றது? லூயிஸு கஷ்டப்பட்டு கட்டுன மாடி சார் இது. எங்க பொண்ணுன்ற ஒரே காரணத்துக்காக அத தொரத்தறே. தெருத் தெருவா போஸ்டர் அடிச்சி ஒட்டுவேன், பாத்துக்க..."

படி முடிகிற இடத்தில் நின்றுவிட்டான்.

"ஐயா... நீங்களா?"

வேலப்பன் ஒன்றும் புரியாமல், "ஆமாம்பா. பகலவனுக்கு வூடு பாக்க வந்தேன்" என்றார்.

டென்னிஸ் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டார். அவசரமே இல்லாமல் பேசினார். "போஸ்டர் அடிப்பேன்னு ஒரு வருஷமா சொல்லுதீங்க. அடிங்க. ஜாதி பாத்து விரட்டுறான்னு போடுங்க. பக்கத்துலயே, வாங்குறவர் பகலவன், வியாசர்பாடின்னும் போடுங்க. ஐயா பேரையும் போடுங்க, அவருதான் சுவரத் தட்டிப் பாத்து நல்லாருக்குன்னு சொன்னாரு."

மண்ணாங்கட்டி வேலப்பனைப் பார்த்தான். வேலப்பன் பகலவனைப் பார்த்தார். பகலவன் மாயாவைப் பார்த்தான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று வேலப்பன் கேட்டார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை. பதிலுக்கு நிற்காமல் படியிறங்கிப் போனார். வயசானவர், கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். மண்ணாங்கட்டி கொஞ்ச நேரம் நின்றான். "நான்... அப்புறமா வரேம்மா" என்று மகிமாவிடம் சொல்லிவிட்டு, ஐயாவைப் பிடித்துக்கொள்ளப் போகிறவன் மாதிரி அவனும் வேகமாக இறங்கிவிட்டான்.

மகிமா மாயாவின் பக்கம் திரும்பினாள். "வியாசர்பாடியில எங்க?"

மாயா சொன்னாள்.

"எனுக்கு புளியந்தோப்பு. பள்ளிக்கூடம் உங்க பக்கந்தான்." கையிலிருந்த எண்ணெயைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். "லூயிஸ கட்டிக்கினு வந்த அன்னிக்கி இவங்கப்பா வாசல்ல நின்னுகினு, உள்ள வராதேன்னாரு. அப்பத்தான் லூயிஸு இந்த மாடியக் கட்டுனாரு. தனிப் படி வெச்சி. அவங்க வாசலை நான் மிதிக்கக் கூடாதுன்னு."

"மகிமா, போதும்" என்றார் டென்னிஸ்.

"இன்னா போதும்? வூடு பாக்கத்தான வந்தாங்க? பாக்கட்டும்." கதவை அகலத் திறந்தாள். "வாங்க. செருப்பு போட்டுக்கினே வாங்க, பரவால்ல. இது ஹாலு, இதுதான் படுக்கற ரூமும். இந்த ஜன்னல்ல மழ வந்தா உள்ள அடிக்கும், லூயிஸு மேல தகரம் வெச்சாரு, அத மாத்தணும். இது கிச்சன். ஸ்விட்சு தொட்டா ஷாக் அடிக்கும், பாத்து."

பகலவன் வாசலைத் தாண்டவில்லை. மாயா உள்ளே போனாள். ஏன் போனாள் என்று பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறாள். அந்தப் பெண் கூப்பிட்டதால் போனதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொள்வாள். சுவரில் லூயிஸின் படம் இருந்தது, சின்ன பல்பு போட்டிருந்தார்கள். மகிமா ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தாள். சமையலறைக் குழாயைத் திறந்து மூடினாள்.

"தண்ணி எத்தினி மணிக்கு வரும்?" என்று மாயா கேட்டாள்.

கேட்டது அவள் வாய்தான். வீடு பார்க்கப் போகும் இடத்திலெல்லாம் கேட்கும் கேள்வி, பழக்கத்தில் வந்துவிட்டது. மகிமா அவளைப் பார்த்தாள். இவ்வளவு நேரம் அழாமல் நின்றவளுக்கு அதைக் கேட்டதும் உதடு நடுங்கியது.

"காலைல அஞ்சரைக்கு" என்றாள். "ஒரு மணி நேரம் வரும். மோட்டர் போடத் தேவல்ல."

வீட்டுக்கு வந்ததும் பகலவன் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டான். "வேணாம் மாயா. அந்தாளு நம்மள கத்தியா எடுத்து அந்தப் பொண்ணு கழுத்துல வெச்சிக்கீறான்."

"தெரியுது."

"தெரிஞ்சா வுட்டுடு."

மாயா மேலே காட்டினாள். கூரைக் காரை உப்பியிருந்தது. அதன் கீழே கட்டிலை நகர்த்திப் போட்டு மதி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். "நான் எத்தினி பேருக்கு மெசேஜ் போட்டேன், உனுக்குத் தெரியுமா? எத்தினி பேரு ஊரு எதுன்னு கேட்டுட்டு வாய மூடிக்கினாங்க? அப்பல்லாம் உங்க மன்றம் எங்க போச்சி? வேலப்பன் ஐயா எங்க போனாரு? நமக்கு எவன் போஸ்டர் அடிச்சான்?"

"அதுக்கு அந்தப் பொண்ணு இன்னா பண்ணுவா?"

"நாம வாங்கலன்னாலும் அவ போவத்தான் போறா. அவளுக்கு அங்க ஒண்ணுமே கெடையாதுன்னு வக்கீலே சொல்லிட்டாங்க."

"அப்ப நாம வாங்கினா இன்னான்ற?"

"ஆமா. அதான் சொல்றேன்."

மதி பேனாவை வைத்துவிட்டு இரண்டு பேரையும் பார்த்தாள். பகலவன் எழுந்து வெளியே போய்விட்டான். வேலப்பனுக்குப் பலமுறை போன் செய்தான். அவர் எடுக்கவில்லை.

இருந்தாலும் மாயாவுக்கு மனசு ஒப்பவில்லை. மறுநாள் மண்ணடிக் கடைக்கே போனாள். கம்பி வெட்டும் சத்தத்துக்கு நடுவில் டென்னிஸ் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். உள் அறைக்கு அழைத்துப் போய் உட்கார வைத்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா? நாங்க வாங்கிக்கறோம். மாடில அவங்க இருக்கட்டும். எங்களுக்கு கீழ போதும். வாடகைகூட அவங்க முடிஞ்சத குடுக்கட்டும்."

டென்னிஸ் அவளையே பார்த்தார். "அப்படின்னா நான் விக்கல."

"ஏன் சார்?"

"வீடு விக்கணும்னு எனக்கு என்னம்மா அவசியம்? கடை இருக்கு, வேற வீடு இருக்கு. அவ அங்க இருக்கக் கூடாது. அதுக்குத்தான் விக்கிறேன்." குரலைத் தாழ்த்தினார். "எங்கம்மா சாகுற வரைக்கும் லூயிஸு முகத்தப் பாக்கல. அப்பா மூணு வருஷம் சர்ச்சுல பின்வரிசைல உக்காந்தாரு. எல்லாம் அவளாலதான். அவன் லாரில அடிபட்டு செத்ததுகூட அவ வீட்டுக்குப் போயிட்டு வர்ற வழியிலதான்."

மாயா கைப்பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு விக்கிறதுல எனக்கு ஆசைன்னு நெனச்சீங்களா? நல்ல குடும்பம் எத்தனையோ வந்துச்சு. அந்த மண்ணாங்கட்டி எல்லாரையும் வெரட்டிட்டான். உங்கள அவன் விரட்ட முடியாது. நீங்க மெசேஜ்ல எழுதினது எனக்குப் பிடிச்சிருந்தது, பாத்துக்கிடுங்க. யார் இருப்பாங்கன்னு கேட்டீங்கல்லா. விவரமான பொண்ணுன்னு அப்பவே நெனச்சேன்."

நல்ல குடும்பம் என்ற வார்த்தை மாயாவின் காதில் அப்படியே நின்றது. எழுந்து போய்விட வேண்டும் என்று கால்களுக்குச் சொன்னாள். ஒரு பையன் கண்ணாடி டம்ளரில் டீ கொண்டு வந்து வைத்தான். குடிக்காமல் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போனால் திரும்ப எங்கே போவது என்பதும் அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது.

"எப்ப எழுதிக்கலாம் சார்?" என்றாள்.

வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து வீட்டை உள்ளேயும் வெளியேயும் பார்த்துப் படம் எடுக்க வேண்டும். அவர் சனிக்கிழமை காலை, இல்லாவிட்டால் திங்கள் மதியம் என்றார். மாயா அதை டென்னிஸுக்கு அனுப்பி, மகிமா அன்று இருப்பாளா என்று கேட்டாள். "வெள்ளிக்கிழமையே போயிருவா. சனி வெச்சுக்கிடுங்க. எனக்குக் கடை, சாவியைக் கீழே ஜன்னலில் வைத்துவிடுகிறேன்" என்று பதில் வந்தது.

அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு மண்ணாங்கட்டி மாடிப்பக்கம் வரவேயில்லை. இருட்டிய பிறகு மாடியில் விளக்கு எரியவில்லை, டென்னிஸ் மாடிக்கான ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டார். இரண்டு வாரம் மெழுகுவத்தியில் இருந்துவிட்டு, மகிமா புழல் பக்கம் தோழி ஒருத்தியின் வீட்டில் அறை கேட்டுக்கொண்டாள். இதெல்லாம் மாயாவுக்குப் பிறகுதான் தெரிந்தது. வெள்ளிக்கிழமை சாமான் ஏற்ற வரச் சொல்லியிருந்த குட்டியானை வண்டிக்காரன் வரவில்லை. அதனால் சனிக்கிழமை காலை மாயா மதிப்பீட்டாளரைக் கூட்டிக்கொண்டு மாடி ஏறியபோது, படித் திருப்பத்தில் இரண்டு மூட்டைகளும் கேஸ் அடுப்பும் இருந்தன. மகிமா உள்ளே இருந்தாள். அறையைக் காலி செய்துவிட்டு, வெறும் தரையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். பகலவன் வரவில்லை. ஷிப்ட் என்று சொல்லியிருந்தான், ஷிப்ட் இல்லை என்பது மாயாவுக்குத் தெரியும்.

மதிப்பீட்டாளர் இளைஞர். கையில் போனும் அளவு நாடாவும். அறைக்குள் போனவர் நின்றார். "மேடம், வீடு காலின்னுதானே சொன்னீங்க? இவங்க யாரு? யாராவது குடியிருந்தா அத நான் ரிப்போர்ட்ல எழுதணும்."

மகிமா நிமிர்ந்தாள். கையில் துடைப்பம். அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், கடன் நின்றுவிடும், வீடு நின்றுவிடும். அது இரண்டு பேருக்கும் தெரிந்தது.

"வீட்ட சுத்தம் பண்ண வந்தவங்க சார்" என்றாள் மாயா.

மகிமா அவளை வெறுமனே பார்த்தாள். கோபம்கூட இல்லை. சுவரில் படம் மாட்டியிருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. தெருவில் வண்டியின் ஹாரன் கேட்டது.

"ஆமா சார்" என்றாள் மகிமா. "முடிஞ்சிடுச்சி. கெளம்பிட்டேன்."

குவித்து வைத்திருந்த குப்பையை அப்படியே விட்டுவிட்டு, துடைப்பத்தைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். கேஸ் அடுப்பை அவளே தூக்கிக்கொண்டாள். மூட்டைகளை எடுக்க வண்டிக்காரன் ஏறி வந்தான். மாயா படியோரம் ஒதுங்கி வழிவிட்டாள். உதவ வேண்டும் என்று கை நீண்டது. மகிமா அடுப்பை மறுபக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, அந்தக் கை படாமல் இறங்கிப் போனாள்.

"மேடம், கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? ஃப்ரேம்ல வர்றீங்க" என்றார் மதிப்பீட்டாளர்.

மாயா தள்ளிக்கொண்டாள். அவர் நாலு சுவரையும் படம் எடுத்தார். ஜன்னலை அளந்தார். சமையலறை எங்கே என்று கேட்டார். மாயா முன்னால் போய்க் கதவைத் திறந்துவிட்டு, "ஸ்விட்ச தொடாதீங்க சார், ஷாக் அடிக்கும்" என்றாள்.